தளை தட்டாத வெண்பா

அப்பாவின் மணிவிழாவுக்கு நான் எழுதிய வாழ்த்து மடலில் இரண்டு வெண்பாக்கள். இரண்டிலும் தளை தட்டவில்லை. எதுகை, மோனை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மண்டபத்துக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "சுத்தமா இருக்குப்பா" என்றார். அந்த இரண்டில் ஒன்றை நான் எழுதியிருக்கக் கூடாது. தெரியாமல் எழுதிவிட்டேன் என்று இத்தனை நாளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி தெரிந்துதான் எழுதினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். பிழைப்புக்கு வேறு வேலை இருந்தாலும், திண்டிவனத்தில் நாலைந்து அச்சகக்காரர்களுக்கு நான் வாழ்த்து மடல் எழுதித் தருகிறவன். திருமணம், புதுமனை, பணி ஓய்வு, மணிவிழா எதுவானாலும் சரி. பெயரும் ஊரும் உறவுமுறையும் எழுதிய துண்டுச்சீட்டு வரும். மாலைக்குள் நான் பாட்டு கொடுப்பேன். அது பூப்போட்ட தாளில் அச்சாகி, கண்ணாடிச் சட்டத்துக்குள் போய், மேடையில் மைக்கில் வாசிக்கப்படும். பிறகு வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்கும். மணிவிழா மடலில் அப்பா என்பவர் எப்போதும் உழைப்பின் உருவமாக, ஆலமரமாக, கலங்கரை விளக்கமாக இருப்பார். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கும் பொருந்தும். பல வருடம் அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன். அதில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை.

என் அப்பா 1964 புரட்டாசியில் பிறந்தவர். அது குரோதி வருடம். வியாழன் ராசிச் சக்கரத்தைச் சுற்றிவரப் பன்னிரண்டு வருடம், சனிக்கு முப்பது. இரண்டும் சேர்ந்து புறப்பட்ட இடத்துக்கு வர அறுபது. அதனால்தான் பிறந்த வருடத்தின் பெயர் அறுபதில் திரும்பி வருகிறது. 2024 ஏப்ரலில் குரோதி திரும்பி வந்தது. திருக்கடையூர் போகலாம் என்றோம். "பஸ்ஸுக்குக் குடுக்கிற காசுல இங்கயே நூறு பேருக்குச் சோறு போடலாம்" என்றார் அப்பா. ஆக, விழுப்புரத்திலேயே மண்டபம்.

சொந்த அப்பாவுக்கு ஆலமரம் எழுதக் கை வரவில்லை. கேலி எழுதுவதென்று முடிவு செய்தேன். தமிழில் இது ஒன்றும் புதிதில்லை. அரசனின் பிறந்தநாளைப் பாடுவதற்கென்றே தொல்காப்பியம் பாடாண் திணையில் பெருமங்கலம் என்று ஒரு துறை வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், பழிப்பதுபோல் புகழ்வதைச் செய்து காட்டக் காளமேகப் புலவர் இருக்கிறார். இரண்டையும் சேர்த்துவிட்டால் அப்பாவுக்கு ஒரு பாட்டு கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

கேலிக்கு அவரிடம் சரக்கு நிறைய. என்னைப் பார்க்கத் திண்டிவனம் வருவதாக இருந்தால் வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே விழுப்புரம் ஜங்ஷனில் போய் உட்கார்ந்துவிடுவார். பாசஞ்சரில் ஏறியதும் அறிவிப்பாளர் வேலை. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஒவ்வொரு ஸ்டேஷன் வருமுன்னும் பெட்டி முழுவதற்கும் பெயர் சொல்வார். இறங்க வேண்டியவர்களுக்கு ஊர் தெரியும். தெரியாதவர்கள் இறங்கப் போவதில்லை. இருந்தாலும் சொல்வார். வீட்டில் ரப்பர் பேண்டுகளும் சணல் கயிறுகளும் ஒரு போர்ன்விட்டா டப்பாவில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆள் இருக்கிற அறையிலேயே மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போவார். எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பூட்டு. முதல் வெண்பா அதைப் பற்றியதுதான்:

பூட்டிவிட்டு நாலுமுறை பூட்டிழுத்துப் பார்த்தபின்னும்
வீட்டுக்கு மீண்டுவந்து மீண்டிழுப்பார் – கேட்டால்
திறமுண்டு பூட்டுக்குத், தீராத ஐயம்
பிறர்மேலா? என்கைமேல் தான்.

இதில் நான் சொந்தமாகச் சேர்த்தது செய்யுள் மட்டுமே. "பூட்டு நல்ல பூட்டுதான்பா, என் கையைத்தான் நம்ப முடியல" என்பது அவரே தெருமுனையில் நின்று பலமுறை சொன்னது. அம்மா சலித்துக்கொள்வாள், எதிர்வீட்டுக்காரர் சிரிப்பார், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். பிறந்தநாள் பாட்டில் கேலி நிற்கிற இடம் இதுதான் என்று இப்போது தெரிகிறது. அந்த மனிதர் தன்னைத் தானே ஏற்கெனவே கேலி செய்துகொண்ட விஷயமாக இருந்தால், நாம் அதை எடுத்து வைக்கும்போது அவருக்கு வலிக்காது. அவர் சொன்ன நகைச்சுவையை அவருக்கே திருப்பித் தருகிறோம், அவ்வளவுதான். முதல் வெண்பா அப்படித்தான் வந்தது, அதனால்தான் அது நன்றாகவும் வந்தது.

இரண்டாவது அப்படி வரவில்லை. அது எதுகையிலிருந்து வந்தது.

இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஸ்டேஷன் பெயர்களை வெண்பாவுக்குள் நுழைக்கப் பார்த்தேன். விக்கிரவாண்டி ஒரு சீருக்குள் அடங்குகிற ஊரா? ரப்பர் பேண்டுக்கு எதுகை தேடினேன், கிடைக்கவில்லை. அப்போது ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் விழுப்புரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா உள்ளேயிருந்து, "என்னாங்க, தயிர் இருக்கா?" என்று கேட்டாள். அப்பா தலையை ஆட்டிவிட்டு, "பயிர் இருக்கு, மழையத்தான் காணோம்" என்று ஆரம்பித்து, ஏரிப் பாசனம், போர்வெல் என்று போய்க்கொண்டேயிருந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். தயிர், பயிர், வயிறு. மூன்று சொற்கள் வரிசையில் வந்து நின்றன. அதற்குப் பிறகு பாட்டு தானாக இறங்கியது:

தயிர்கேட்பாள் அம்மா, தலையாட்டி அப்பா
பயிர்பற்றி நீளப் பகர்வார் – வயிறு
வலிக்கச் சிரிப்போம், வருமழையைப் பற்றிச்
சலிக்காமல் பேசுவார் தான்.

எழுதி முடித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. மூன்று எதுகையும் யி என்ற ஒரே எழுத்தில் விழுந்திருந்தன. ஒவ்வொரு அடியிலும் மூன்றாம் சீரில் மோனை. இப்படி அமைந்தால் வெண்பா எழுதுகிறவன் அன்றைக்குத் தூங்க மாட்டான். ஒரு கேள்வி மட்டும் ஓரமாக வந்து நின்றது: அப்பா ஏன் பயிர் என்று சொன்னார்? அந்தக் கேள்வியை நான் உள்ளே விடவில்லை. விட்டால் பாட்டு போய்விடும் என்று எனக்குத் தெரியும். பாதி தெரிந்து எழுதினேன் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

அப்பாவின் வேலையைச் சொன்னால் மீதிப் பாதியும் விளங்கும். அவர் முப்பது வருடத்துக்கு மேல் மல்லாட்டை மில்லில் இருந்தவர். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். திண்டிவனத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, விவசாயிகள் டி.எம்.வி. என்று நம்பர் போட்டுச் சொல்கிற கடலை ரகங்களின் மூன்று எழுத்தும் திண்டிவனத்தின் சுருக்கம்தான். அப்பாவுக்கு அந்த ரகங்கள் எல்லாம் உள்ளங்கை ரேகை. மில்லுக்கு மூட்டை வந்தால் நாலு காயை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குவார். நன்றாகக் காய்ந்திருந்தால் பருப்பு ஓட்டிலிருந்து விடுபட்டுக் கலகலவென்று ஆடும். ஈரம் இருந்தால் ஓடு ஊமையாக இருக்கும். எட்டு விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரமானி வருவதற்கு முன்னால் அப்பாவின் காதுதான் ஈரமானி.

மடல் எழுதுவதற்கு இரண்டொரு வருடம் முன்பே அவர் குலுக்குவதை விட்டுவிட்டார். காயை உடைத்து, பருப்பை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். காய்ந்த பருப்பு பட்டென்று உடையும், ஈரப் பருப்பு வளைந்து நசுங்கும். சில நேரம் ஓட்டின் உட்புறத்தைப் பார்ப்பார். விளைந்த காய் என்றால் உள்ளே கருத்திருக்கும். இதுவும் சரியான சோதனைதான், யாரும் குறை சொல்ல முடியாது. வயதானால் பழக்கம் மாறும் என்று நானும் விட்டுவிட்டேன். காதால் பார்த்த ஒருவர் பல்லாலும் கண்ணாலும் பார்க்க ஆரம்பித்திருக்கிறார், ஏன் என்று கேட்கவில்லை. டி.வி. சத்தம் கூடிக்கொண்டே போனது. குக்கர் விசில் அடிக்கிறது என்று நாங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரிந்தது. போன் வந்தால் ரெண்டு "ம்ம்" சொல்லிவிட்டு அம்மாவிடம் நீட்டிவிடுவார். இதையெல்லாம் நாங்கள் பழக்கம் என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

விழா நாளன்று வாழ்த்து மடலை நானே வாசித்தேன். கல்யாண மண்டபம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை, சுற்றிலும் மின்விசிறிகள், சமையல்கட்டில் அண்டா உருளும் சத்தம், மைக்கில் எதிரொலி. பூட்டு வெண்பாவுக்கு நல்ல சிரிப்பு. தயிர் வெண்பாவுக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு. சம்பந்தி வீட்டார் கைதட்டினார்கள். நான் மேடையில் அப்பாவைப் பார்த்தேன். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து அவரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டு பிடித்துவிட்டது என்று எனக்குப் பூரிப்பு. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துத்தான் அவர் சிரித்தார். ஒரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, சட்டத்தை மடியில் வைத்து, மடலை நிதானமாகப் படித்தார். முதல் பாட்டுக்குப் புன்னகை. இரண்டாவதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"அன்னிக்கு நீ கேட்டது தயிரா?"

கோபம் துளியும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, பால் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனேன். பால் ஏற்கெனவே வாங்கியிருந்தது.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. திண்டிவனம் திரும்பினேன், அடுத்த மடல்களில் மூழ்கினேன், பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருந்தேன். அந்த நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் ஐம்பது சென்டிமீட்டர் மழை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் தெருக்கள் தண்ணீரில் மூழ்கின, மின்சாரம் இல்லை. அரைகுறையாக டவர் கிடைத்த நேரத்தில் போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். "தண்ணி வாசல் வரைக்கும் வந்துடுச்சா?" என்று கேட்டேன். "ம்ம்" என்றார். "மேல் வீட்டுக்குப் போயிட்டீங்களா?" "ம்ம்." "அம்மா எங்க?" "ம்ம்." அதற்கப்புறம் கட்டாகிவிட்டது. அம்மா வேறொருவர் போனிலிருந்து பேசும்வரை அந்த மூன்று "ம்ம்"களையும் வைத்துக்கொண்டு நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை யாருக்கும் வயிறு வலிக்கவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தடித்த சத்தம் முதல் கீச்சுச் சத்தம் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். கிடைப்பது ஒரு வரைபடம். தடித்த சத்தப் பக்கம் அப்பாவின் கோடு ஓரளவு மேலேயே போனது. 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பள்ளத்தில் இறங்கியது. சோதனை செய்த பெண் கோட்டைப் பார்த்ததுமே, "ஐயா மில்லுல வேலை பார்த்தாரா?" என்று கேட்டார். இயந்திரச் சத்தம் தின்ற காதில் பள்ளம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விழுமாம். எட்டு மணி நேர வேலை என்றால் 90 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று தொழிற்சாலை விதி இருக்கிறது. கடலை உடைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்துவதைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தத்தில்தான் என் படிப்புக்குச் சம்பளம் வந்தது.

அடுத்து அந்தப் பெண் விளக்கியதைக் கேட்டு நான் தலைகுனிந்தேன். உயிர் எழுத்தின் ஓசை தடித்தது, பலமானது. அது இப்படிப்பட்ட காதிலும் விழுந்துவிடும். த, ப, க, ச போன்றவற்றின் அடையாளம் ஒரு நொடியின் சிறு துண்டில், மெல்லிய கீச்சு ஓசையில் இருக்கிறது. அது முதலில் போய்விடும். அதனால் இவர்களுக்குப் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. சொல்லின் தலையை மனம் ஊகித்து ஒட்டிக்கொள்ளும். தயிரில் -யிர் மட்டும் வந்து சேர்ந்தது. மில்லும் வயலுமாக வாழ்ந்தவர் தலைக்கு ஒரு ப போட்டுக்கொண்டார். என் வெண்பா செய்ததும் அதையேதான்: முதலெழுத்தை மாற்றி, மிச்சத்தை வைத்துக்கொண்டு விளையாடியது. அவர் வேறு வழியில்லாமல் செய்ததை நான் கைதட்டலுக்காகச் செய்தேன்.

கூட்டத்தில் இது இன்னும் மோசமாகும், பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் சிரமம் என்றும் சொன்னார். கத்திப் பேசினால் சரியாகாது. கத்தும்போது உயிர் ஓசைதான் பெருக்கிறது, மெய் அப்படியே நிற்கிறது. முகத்துக்கு நேராக, ஒரு கை தூரத்தில், நிதானமாகப் பேச வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டதற்கு அப்பா சொன்ன பதிலைக் கேலி செய்த நாங்கள், அவளை எழுந்து வந்து கேட்கச் சொல்லியிருந்தால் போதும்.

காது மிஷின் வாங்கினோம். முதல் வாரம் அவர் அதைக் கழற்றிப் போர்ன்விட்டா டப்பாவில் வைத்துவிட்டார். சாப்பிடும்போது அப்பளம் உடைகிற சத்தம் இடி மாதிரி இருக்கிறதாம். மூளை பழகச் சில மாதம் ஆகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். இப்போது பகலில் போட்டுக்கொள்கிறார். போனில் இன்னும் அம்மாதான். இழந்ததெல்லாம் திரும்பி வரவில்லை, வராது.

தயிர் வெண்பாவை எடுத்துவிட்டு வேறு மடல் அச்சடித்துத் தருகிறேன் என்றேன். "எதுக்குக் காசு? நல்லாத்தான இருக்கு" என்றார். அவருக்குப் பிடித்திருக்கிறதா, என்னைத் தப்பிக்க விடுகிறாரா என்று கேட்கத் தைரியமில்லை. சட்டம் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்களிடம் அவரே இரண்டாவது பாட்டைக் காட்டி, "அவ தயிர்னு கேட்டா, நான் பயிர்னு நினைச்சுட்டேன்" என்று சொல்லிச் சிரிக்கிறார். அந்தக் கேலி இப்போது அவருடையது ஆகிவிட்டது. நான் எழுதியபோது அது அவருடையதாக இல்லை. என் கணக்கில் அந்தப் பாக்கி அப்படியேதான் இருக்கிறது.

இப்போதும் மணிவிழா மடல் கேட்டு மகன்களும் மகள்களும் வருகிறார்கள். ஆலமரம் வேண்டாம், அப்பாவைக் கலாய்த்து எழுதுங்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எழுதித் தருகிறேன். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: அச்சுக்குப் போகுமுன் பாட்டை அந்த அப்பாவிடம் காட்டிவிட்டு வர வேண்டும். சர்ப்ரைஸ் போய்விடுமே என்கிறார்கள். போகட்டும். நீங்களும் எழுதுவதாக இருந்தால், அவர் எதிரில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, ஒரு தடவை வாசித்துக் காட்டிவிடுங்கள்.